எள் விழாத கூட்டத்தில் எத்தனை பேர்?

பேரணி முடிந்து அலுவலகம் திரும்பும்போது சட்டைப் பையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று போராட்டக் குழு கொடுத்தது, மற்றது போலீஸ் கொடுத்தது. இரண்டுக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம் இருந்தால் அது சாதாரண நாள். பத்து மடங்கு இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த இடத்தில் செய்யும் முதல் தவறு, இருவரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்குவது. அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி வேறு: இருவரும் ஒரே பொருளைத்தான் எண்ணினார்களா?

2019ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று ஹாங்காங்கில் நடந்த பேரணியை எடுத்துக்கொள்வோம். குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவிடம் ஒப்படைக்க வழி செய்யும் சட்ட மசோதாவுக்கு எதிரான பேரணி அது. விக்டோரியா பூங்காவில் தொடங்கி வான்சாய் வழியாக அட்மிரால்டி வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஏற்பாட்டாளர்கள் சொன்ன எண்ணிக்கை சுமார் 20 லட்சம். போலீஸ் சொன்னது 3 லட்சத்து 38 ஆயிரம். உலகம் முழுவதும் இந்த இரண்டு எண்களும் அருகருகே அச்சாயின. படித்தவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் போலீஸ் அறிக்கையில் சின்னதாக ஒரு வால் இருந்தது. முன்பே அறிவிக்கப்பட்ட பாதையில், கூட்டம் உச்சத்தில் இருந்த நேரத்தில் என்பதுதான் அது. அதாவது ஒரு கணத்தில் அந்தச் சாலையில் நின்றவர்களின் எண்ணிக்கை. மூன்று மணிக்கு வந்து ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனவர் அதில் இல்லை. ஏழு மணிக்கு வந்தவரும் இல்லை. இடம் போதாமல் பக்கத்துச் சாலைகளில் நடந்தவர்களும் இல்லை. ஏற்பாட்டாளர்களோ காலம் முழுவதையும் சேர்த்து, வந்துபோன அத்தனை பேரையும் சொன்னார்கள். கோவில் திருவிழாவில் தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது எத்தனை பேர் நின்றார்கள் என்பது ஒரு கேள்வி. அன்று முழுவதும் எத்தனை பேர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வராது.

எனவே யார் எண் கொடுத்தாலும் குறித்துக்கொண்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். எத்தனை மணி நிலவரம், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, நின்றவர்களா கடந்துபோனவர்களா, எண்ணியது யார், எப்படி என்று கேளுங்கள். சங்கடமான கேள்விகள்தான். ஆனால் பதில் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்.

முந்தைய நாள்: சாலையை அளப்பது

கூட்டம் வந்த பிறகு சாலையை அளக்க முடியாது. முந்தைய நாள் மாலையே போய்விடுங்கள். போலீஸ் அனுமதிக் கடிதத்தில் பேரணி புறப்படும் இடம், முடியும் இடம், நேரம் எல்லாம் இருக்கும். அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் நடையில் பத்து எட்டுக்கு எத்தனை அடி என்று வீட்டு வாசலில் அளந்து வைத்துக்கொண்டால் போதும், டேப் தேவையில்லை. சாலையின் அகலத்தை மூன்று நான்கு இடங்களில் எடுங்கள். ஏனென்றால் ஊருக்குள் எந்தச் சாலையும் ஒரே அகலத்தில் போவதில்லை. நடுவில் தடுப்புச் சுவர், நிறுத்தி வைத்த வண்டிகள், தள்ளுவண்டிக் கடைகள் ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள். நான் முதன்முதலில் கணக்கிட்டபோது போலீஸ் வேன்கள் நின்ற இடத்தையும் சேர்த்துப் பெருக்கி, வேன்களுக்குள் மனிதர்களை நிரப்பிவிட்டேன்.

அப்படியே உயரமான இடம் ஒன்றைப் பிடித்து வையுங்கள். நடை மேம்பாலம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மாடியுள்ள கடை. கடைக்காரரிடம் முந்தைய நாளே அனுமதி கேட்டு வையுங்கள்; பேரணி நாளில் அவர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிருப்பார்.

நிற்கும் கூட்டம்: சதுர அடிக் கணக்கு

1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்பவரின் அலுவலக ஜன்னலுக்குக் கீழே மாணவர்கள் கூடும் திடல் இருந்தது. அதன் தரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள். ஒரு கட்டத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, எத்தனை கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன என்று பார்த்து அவர் கணக்குப் போட்டார். பல கூட்டங்களைப் பார்த்த பிறகு அவர் சொன்ன அளவு இன்றும் பயன்படுகிறது. தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி. நெருக்கமாக நின்றால் நாலரை சதுர அடி. அசைய முடியாத நெரிசலில் இரண்டரை சதுர அடி.

நம் வழக்கில் எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்று எழுதுகிறோமே, அது உண்மையில் அந்த இரண்டரை சதுர அடிதான். நாளிதழின் ஒரு முழுப் பக்கம் பிடிக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அந்த நெரிசலில் கையைத் தூக்கி முகத்தைத் துடைப்பதே கடினம்; மூச்சு முட்டும். மேடைக்கு முன்னால் சில வரிசைகள் அப்படி இருக்கலாம். திடல் முழுக்க அப்படி இருந்தால் நீங்கள் எழுத வேண்டியது கூட்டத்தின் அளவைப் பற்றி அல்ல, ஆபத்தைப் பற்றி.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கூட்டத்துக்குள் நடந்துபோய்ப் பாருங்கள். மன்னிக்கவும் என்று சொல்லாமலேயே போக முடிந்தால் 10 சதுர அடி. தோளை ஒருக்களித்துக்கொண்டு போக வேண்டியிருந்தால் நாலரை. போகவே முடியாவிட்டால்தான் இரண்டரை. இதை மேடைக்கு அருகே, நடுவே, பின்பகுதியில் என்று மூன்று இடங்களில் செய்யுங்கள். திடலை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அதற்குரிய அளவால் வகுத்துக் கூட்டுங்கள். முன்வரிசை நெரிசலை வைத்துக்கொண்டு மொத்தத் திடலையும் வகுப்பதுதான் இதில் வழக்கமாக நேரும் பிழை. புகைப்படமும் ஏமாற்றும். தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸில், பத்தடி இடைவெளியில் நிற்பவர்கள்கூடத் தோளோடு தோள் உரசுவதுபோலத் தெரிவார்கள். மேலேயிருந்து கீழ்நோக்கி எடுத்த படத்தில்தான் தரை தெரியும். தரை தெரிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

நகரும் கூட்டம்: ஒரு கோடு, ஒரு நிமிடம்

பேரணிக்குச் சதுர அடிக் கணக்கு மட்டும் போதாது. ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். இங்கே செய்ய வேண்டியது, சாலையின் குறுக்கே கற்பனையாக ஒரு கோடு போட்டு அதைக் கடப்பவர்களை எண்ணுவது. இந்தப் பக்கம் ஒரு மின்கம்பம், எதிர்ப்பக்கம் ஒரு கடையின் தூண், அவ்வளவுதான் கோடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரியாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். மீதி ஒன்பது நிமிடம் முழக்கங்களைக் குறித்துக்கொள்ளலாம், ஆட்களிடம் பேசலாம்.

கடிகாரம் சொல்லும்போது எண்ணுங்கள், கூட்டம் அழகாக இருக்கும்போது அல்ல. பெரிய பதாகையும் பறையும் வரும்போது கை தானாகவே பேனாவைத் தேடும். அப்போது எண்ணினால் கணக்கு வீங்கிவிடும். இரண்டு குழுக்களுக்கு நடுவே வெற்றுச் சாலை தெரிகிற நிமிடத்தில் உங்கள் முறை வந்தால், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதைத்தான் எழுத வேண்டும்.

ஒரு மாவட்டத் தலைநகரில் நான் எண்ணிய கணக்கை அப்படியே தருகிறேன். தொழிற்சங்கங்கள் நடத்திய கண்டனப் பேரணி. முதல் வரிசை என் கோட்டைக் கடந்ததிலிருந்து கடைசி ஆள் போகும் வரை 110 நிமிடங்கள். பதினொரு முறை எண்ணினேன்: 40, 65, 90, 120, 110, 95, 130, 80, 50, 24, 10. கூட்டினால் 814. பதினொன்றால் வகுத்தால் நிமிடத்துக்குச் சராசரி 74 பேர். 110 நிமிடத்துக்கு 8,140.

இதை அப்படியே 8,140 பேர் என்று எழுதினால் ஏதோ வருகைப் பதிவேடு பார்த்து எழுதியதுபோல் ஆகிவிடும். பதினொரு நிமிடங்களைத்தான் பார்த்தேன். 99 நிமிடங்களைப் பார்க்கவில்லை. எனவே நோட்டில் 7 ஆயிரம் முதல் 9 ஆயிரம் வரை என்று எழுதி வைத்தேன்.

அன்று மாலை போராட்டக் குழுவினர் சொன்னது 50 ஆயிரம். போலீஸ் சொன்னது 3 ஆயிரம். வயர்லெஸ்ஸுடன் நின்ற அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

“சார், இது எத்தனை மணிக் கணக்கு?”

“ஆறு மணி இருக்கும், தம்பி. கூட்டம் நடந்த மைதானத்தில் எங்கள் தனிப்பிரிவு ஆட்கள் பார்த்தது.”

“பேரணியில் வந்தவர்களை எண்ணினீர்களா?”

“பேரணியில் வந்தவர்கள்தானே மைதானத்துக்கு வருவார்கள்?”

அங்கேதான் முடிச்சு இருந்தது. மைதானம் நீளம் 120 அடி, அகலம் 100 அடி. 12 ஆயிரம் சதுர அடி. நாலரையால் வகுத்தால் சுமார் 2,700 பேர். வாசலில் நின்றவர்களைச் சேர்த்தால் 3 ஆயிரம் நியாயமான எண்தான். மைதானம் கொள்ளாமல் பாதிப் பேர் பஸ் நிலையம் பக்கம் திரும்பிவிட்டார்கள், இன்னும் பலர் வந்த வேனிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள். அதிகாரி தான் பார்த்ததைச் சொன்னார். அது பேரணியின் எண்ணிக்கை இல்லை.

50 ஆயிரம் எங்கிருந்து வந்தது? மேடைக்குப் பின்னால் நின்ற நிர்வாகி ஒருவரிடம் விசாரித்தேன். ஒவ்வொரு ஒன்றியச் செயலாளரும் எத்தனை பேரை அழைத்து வருவதாக ஒரு வாரத்துக்கு முன்பு ஒப்புக்கொண்டார்களோ, அந்த எண்களின் கூட்டுத்தொகை அது. வந்தவர்களின் கணக்கு அல்ல, வருவதாகச் சொன்னவர்களின் கணக்கு. என் கோட்டில் வைத்துச் சரிபார்த்தேன். 110 நிமிடத்தில் 50 ஆயிரம் பேர் போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 450 பேருக்குமேல், இடைவெளியே இல்லாமல் கடந்திருக்க வேண்டும். நான் பார்த்த உச்சமே 130.

சாலை எவ்வளவு தாங்கும்?

எண்ண முடியாத அளவுக்குப் பெரிய கூட்டம் என்றால் மேல்வரம்பையாவது கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். சமதளத்தில் நடக்கும் கூட்டத்தில் ஓரடி அகலத்துக்கு நிமிடத்தில் சுமார் 25 பேர் கடப்பதே உச்சம். விளையாட்டு அரங்குகளின் வழிகளை வடிவமைப்பவர்கள் பயன்படுத்தும் அளவு இது. முழக்கம் போட்டுக்கொண்டு, நின்று நின்று போகும் பேரணி இதில் பாதியைத் தொட்டாலே பெரிது.

இப்போது ஹாங்காங்குக்குத் திரும்புவோம். சாலையின் பயன்படும் அகலம் 80 அடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு அதிகபட்சம் 2 ஆயிரம் பேர், மணிக்கு ஒரு லட்சத்து 20 ஆயிரம். பிற்பகலில் தொடங்கி இரவு வரை 8 மணி நேரம் ஒரு நொடி இடைவெளியில்லாமல் உச்ச வேகத்தில் போனாலும் 9 லட்சத்து 60 ஆயிரம்தான் வரும். 20 லட்சத்துக்கு அதுபோல இரண்டுக்கும் மேற்பட்ட சாலைகள் நாள் முழுக்க நிரம்பி ஓடியிருக்க வேண்டும். இணைச் சாலைகளிலும் கூட்டம் வழிந்தது உண்மை. ஆனாலும் அந்த எண் எவ்வளவு பெரிய சுமையைச் சுமக்கிறது என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

போலீஸ் எண்ணையும் இதே தராசில் வையுங்கள். 3 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 10 ஆயிரம் அடி. 80 அடி அகலத்தால் பெருக்கினால் 8 லட்சம் சதுர அடி. நாலரையால் வகுத்தால் ஒரு லட்சத்து 78 ஆயிரம். இரண்டரையால் வகுத்தால் 3 லட்சத்து 20 ஆயிரம். அதாவது 3 லட்சத்து 38 ஆயிரம் என்பது, என் 80 அடிச் சாலை ஒரே நேரத்தில் விளிம்புவரை நிரம்பி நின்றால் கொள்ளும் அளவை ஒட்டிய எண். போலீஸ் கணக்கின் படியே சாலை நிரம்பி வழிந்திருக்கிறது. அப்படியென்றால் நாள் முழுவதும் வந்துபோனவர்கள் அதைவிட மிக அதிகமாகவே இருந்திருக்க வேண்டும். எண்ணைக் குறைத்துக் காட்டியதாகப் போலீஸைத் திட்டியவர்களில் பலர், அந்த எண்ணே அவர்கள் பக்கம் சாட்சி சொல்வதைக் கவனிக்கவில்லை.

நடுவில் ஒரு எண் போடுவது

நெருக்கடியில் துணை ஆசிரியர் ஒருவர் சொல்வார்: இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போட்டுவிடு. நடுநிலைபோலத் தோன்றும் இந்த வழியைக் கேட்காதீர்கள். அதே ஹாங்காங்கில் இரண்டு வாரம் கழித்து, ஜூலை 1 அன்று நடந்த பேரணிக்கு ஏற்பாட்டாளர்கள் 5 லட்சத்து 50 ஆயிரம் என்றார்கள். போலீஸ் உச்ச நேரத்தில் 1 லட்சத்து 90 ஆயிரம் என்றது. நடை மேம்பாலங்களில் கேமராக்களைப் பொருத்தி, கடந்தவர்களைக் கணினி மூலம் எண்ணிய ஆய்வாளர் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 65 ஆயிரம். சராசரி போட்டிருந்தால் 3 லட்சத்து 70 ஆயிரம் என்று ஒரு லட்சம் பேரை நாமே உருவாக்கியிருப்போம்.

பாரிஸ் கதை இன்னும் சுவையானது. அங்கே பல ஊடகங்கள் சேர்ந்து, ஒக்கிரான்ஸ் என்ற நிறுவனத்தை வைத்துப் பேரணிகளைத் தனியாக எண்ணச் செய்திருக்கின்றன. உயரத்தில் சென்சார் வைத்து, கற்பனைக் கோட்டைக் கடப்பவர்களை எண்ணும் முறைதான். ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கு எதிராக 2023 ஜனவரி 31 அன்று நடந்த பாரிஸ் பேரணிக்குச் சிஜிடி தொழிற்சங்கம் 5 லட்சம் என்றது; போலீஸ் 87 ஆயிரம் என்றது; ஒக்கிரான்ஸ் எண்ணியது 55 ஆயிரம். போலீஸ் எண்ணைவிடவும் குறைவு! எண்ணிப் பார்த்த எண் இரண்டுக்கும் நடுவில்தான் விழும் என்று எந்த விதியும் இல்லை.

எழுதும்போது

தலைப்பில் எண்ணைப் போடாதீர்கள். செய்தியின் இரண்டாவது, மூன்றாவது பத்தியில் எண்கள் வரட்டும். யாருடையது, எந்த நேரத்துக்குரியது என்ற விவரத்தோடு வரட்டும். வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். போலீசார் தெரிவித்தனர், போராட்டக்காரர்கள் கூறிக்கொண்டனர் என்று எழுதினால், எண்ணைப் பார்க்கும் முன்பே வாசகர் தீர்ப்பை வாங்கிவிடுகிறார். இருவருக்கும் ‘தெரிவித்தனர்’ போதும். மக்கள் வெள்ளம், மனிதத் தலைகள், அலைகடல் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். லட்சக்கணக்கானோர் என்றால் குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும் என்பது எளிய இலக்கணம். அதை மதித்தால் ஆண்டுக்கு ஒருமுறைகூட அந்தச் சொல் தேவைப்படாது.

கைதானவர்கள் எண்ணிக்கையைப் பேரணியின் எண்ணிக்கையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மறியலில் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைக்கும்போது தலை தலையாக எண்ணிப் பெயர் எழுதுவார்கள். அன்றைய நாளில் உண்மையிலேயே எண்ணப்பட்ட கூட்டம் அது ஒன்றுதான். ஆனால் கைதாகாமல் கலைந்தவர்கள் அதில் வர மாட்டார்கள்.

அன்று நான் எழுதியது இதுதான்: “பேரணியில் 50 ஆயிரம் பேர் கலந்துகொண்டதாகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பினர் தெரிவித்தனர். மாலை 6 மணியளவில் மைதானத்தில் 3 ஆயிரம் பேர் இருந்ததாகப் போலீசார் தெரிவித்தனர். பேரணி சென்ற கடைவீதியில் 110 நிமிடங்களில் 7 ஆயிரம் முதல் 9 ஆயிரம் பேர் கடந்து சென்றதாக நமது செய்தியாளரின் மாதிரிக் கணக்கில் தெரிந்தது.”

எண்ணவே முடியாமல் போன நாளில் மூன்றாவது வாக்கியம் இருக்காது. அதற்குப் பதிலாகக் கண்ணால் பார்த்ததை எழுதலாம். பேரணியின் தலை மணிக்கூண்டை அடைந்தபோது வால் இன்னும் ரயில்வே கேட்டில் இருந்தது என்பது எண்ணே இல்லாத, ஆனால் எவரும் மறுக்க முடியாத அளவு.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கூட்டமைப்பின் நிர்வாகி தொலைபேசியில் வந்தார். கோபமாகத்தான் தொடங்கினார். நோட்டைப் பிரித்துப் பதினொரு எண்களையும் படித்துக் காட்டினேன். கொஞ்சம் அமைதியானவர் திடீரென்று, “மேற்குப் பக்கக் கிராமங்களிலிருந்து வந்த வேன்கள் உங்கள் கடைவீதிக்கே வரவில்லையே, சார். அவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கி நேராக மைதானத்துக்குப் போனார்கள். அவர்களை எண்ணினீர்களா?” என்று கேட்டார்.

எண்ணவில்லை. கோட்டு முறையின் ஓட்டை அதுதான்: கோட்டைத் தாண்டிய இடத்தில் சேர்ந்துகொண்டவர்கள் கணக்கில் வருவதில்லை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் பால் யிப் இதற்காகவே பாதையில் இரண்டு இடங்களில் எண்ணும் முறையைக் கையாண்டார். முடியும் இடத்துக்கு அருகே எண்ணும்போது, அங்கு வருபவர்களில் சிலரை நிறுத்தி, முதல் இடத்தைக் கடந்து வந்தீர்களா என்று கேட்பார்கள். பத்தில் மூன்று பேர் இல்லை என்றால், இரண்டாவது இடத்தைக் கடந்தவர்களில் அந்த மூன்று பங்கை முதல் எண்ணோடு சேர்க்க வேண்டும். அடுத்த பேரணிக்கு நான் கடைவீதி மாடியில் நின்றேன். பயிற்சிக்கு வந்திருந்த தம்பியை ஒரு நோட்டோடு பாலத்தடியில் நிறுத்தினேன்.